புது வீடியோ முதலில் ஏன் மங்கலாகத் தெரிகிறது?

யூடியூபில் ஒரு வீடியோ வெளியான சில நிமிடங்களுக்குள் அதைத் திறந்தால், படம் பல நேரங்களில் மங்கலாகவே இருக்கும். திரையின் ஓரத்திலுள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டுத் தரப் பட்டியலைப் பார்த்தால், அது 360p என்பதோடு முடிந்திருக்கும். எடுத்தவர் 4K கேமராவில் எடுத்திருப்பார். கோப்பும் முழுதாக ஏறியிருக்கும். சிறிது நேரம் கழித்து அதே வீடியோவில் 720p, 1080p ஆகியவை சேர்ந்திருக்கும். இன்னும் நேரம் போனால் 2160p, அதாவது 4K வந்திருக்கும். இதற்கிடையில் வீடியோவைப் போட்டவர் கையை அசைத்திருக்கக்கூட மாட்டார்.

ஒரே படம் மெல்ல மெல்லத் தெளிவடைகிறது என்று பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். நடப்பது அதுவல்ல. பட்டியலில் தெரியும் ஒவ்வொரு தரமும் ஒரு தனிக் கோப்பு. மூல வீடியோவிலிருந்து அவை ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்தாக வேண்டும். சிறியவை சீக்கிரம் தயாராகின்றன, பெரியவற்றுக்கு நேரம் பிடிக்கிறது. எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காமல், தயாரானதை உடனே பார்வைக்கு விட்டுவிடுவது யூடியூப் வேண்டுமென்றே வைத்திருக்கும் ஏற்பாடு.

ஏற்றிய கோப்பு அப்படியே ஓடுவதில்லை

பத்து நிமிட 4K வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 30 ஃபிரேம். அதாவது ஒவ்வொரு நொடிக்கும் 30 தனிப் படங்கள். இத்தகைய வீடியோவை நொடிக்கு 35 முதல் 45 மெகாபிட் அளவில் ஏற்றும்படி யூடியூப் பரிந்துரைக்கிறது. 45 மெகாபிட் என்று வைத்தால், 600 நொடிக்கு 27,000 மெகாபிட். எட்டால் வகுத்தால் ஏறத்தாழ 3.4 ஜிபி.

இந்தக் கோப்பை அப்படியே பார்வையாளர்களுக்கு அனுப்பினால் பேருந்தில் போகிறவரின் போனில் அது ஓடாது. நொடிக்கு 45 மெகாபிட் தடையின்றி வந்துகொண்டே இருக்கும் இணைப்பு பலருக்குக் கிடையாது. கிடைத்தாலும் ஒரே வீடியோவில் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். வேகம் மட்டுமே சிக்கல் என்றும் சொல்ல முடியாது. ஒருவர் ஐபோனில் எடுத்த கோப்பை ஏற்றுகிறார், இன்னொருவர் எடிட்டிங் மென்பொருளிலிருந்து வந்ததை ஏற்றுகிறார், மூன்றாமவர் பழைய கேமரா கோப்பைத் தருகிறார். ஒவ்வொன்றும் ஒரு வகையில் சுருக்கப்பட்டிருக்கும். அவை எல்லாவற்றையும் எல்லா போன்களும் டிவிகளும் பிரௌசர்களும் திறந்துவிடாது.

ஆகவே ஏறிய கோப்பு மூலப்பொருள் மட்டுமே. யூடியூப் சர்வர்கள் அதைப் பிரித்து, ஒவ்வொரு ஃபிரேமையும் வெளியே எடுத்து, வேண்டிய அளவுக்குச் சிறிதாக்கி, மறுபடியும் சுருக்கி, புதுக் கோப்பாக எழுதுகின்றன. டிரான்ஸ்கோடிங் என்று தொழில் வட்டாரத்தில் சொல்லப்படுவது இந்த வேலைதான். பதிவேற்றிய திரையில் ‘ப்ராசஸிங்’ என்று காட்டப்படும் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போகிறது.

இப்படிச் செய்யப்படும் கோப்புகள் ஓர் ஏணியின் படிகளாக வரிசைப்படுகின்றன: 144p, 240p, 360p, 480p, 720p, 1080p, 1440p, 2160p. எண் குறிப்பது படத்தின் உயரத்தில் எத்தனை பிக்சல் வரிசைகள் இருக்கின்றன என்பதை. 360p என்றால் வழக்கமான அகலத் திரை வீடியோவில் 640 அகலம், 360 உயரம். 2160p என்றால் 3840 அகலம், 2160 உயரம். செங்குத்தாக எடுத்த வீடியோவில் குறுகிய பக்கம்தான் கணக்கு. 1080 அகலமும் 1920 உயரமும் கொண்ட வீடியோ 1080p என்றே பட்டியலில் வரும்.

36 மடங்கு வேலை

360p ஃபிரேம் ஒன்றில் இருக்கும் பிக்சல்கள் 2,30,400. 4K ஃபிரேம் ஒன்றில் 82,94,400. அகலமும் ஆறு மடங்கு, உயரமும் ஆறு மடங்கு என்பதால் மொத்தத்தில் 36 மடங்கு. இடையிலுள்ள 1080p கூட 360p-ஐப் போல ஒன்பது மடங்கு. பத்து நிமிட வீடியோவில் 18,000 ஃபிரேம்கள் இருக்கின்றன. அத்தனையிலும் இந்தப் பெருக்கல் உண்டு.

பிக்சல்களை வெறுமனே நகலெடுப்பதாக இருந்தால் இன்றைய கணினிகளுக்கு இது பெரிய சுமையாக இருக்காது. நேரத்தைத் தின்பது சுருக்கும் வேலை. வீடியோவைச் சுருக்குவதன் அடிப்படை, அடுத்தடுத்த ஃபிரேம்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பது. செய்தி வாசிப்பவரின் பின்னால் இருக்கும் சுவர் நொடிக்கு முப்பது முறை மாறுவதில்லை. சுவரை ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்த ஃபிரேமில் ‘முன்பு இருந்ததே’ என்று குறித்தால் போதும். வாசிப்பவர் தலையைச் சற்றே திருப்பினால், ‘முந்தைய ஃபிரேமில் அங்கே இருந்த துண்டு இங்கே நகர்ந்திருக்கிறது’ என்று எழுதி, எஞ்சிய சிறு வேறுபாட்டை மட்டும் சேர்த்தால் ஆயிற்று.

எந்தத் துண்டு எங்கிருந்து நகர்ந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. எச்.264 என்ற சுருக்கும் முறை, அதாவது கோடெக், ஃபிரேமை 16-க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் முந்தைய ஃபிரேம்களில் அக்கம்பக்கத்தைத் தேடி, எது நன்றாகப் பொருந்துகிறது என்று ஒப்பிட வேண்டும். கட்டத்தை இன்னும் சிறு துண்டுகளாக்கினால் இடம் மிச்சமாகுமா என்று பார்க்க வேண்டும். கிடைத்த வழிகளில் எது குறைந்த அளவில் நல்ல படம் தருகிறது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 360p ஃபிரேமில் இத்தகைய கட்டங்கள் சுமார் 920. 4K அளவுள்ள ஃபிரேமை இதே போலப் பிரித்தால் 32,400. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால், ஒரு நொடி வீடியோவுக்கு 360p-இல் ஏறக்குறைய 27,600 கட்டங்களையும், 4K-இல் 9,72,000 கட்டங்களையும் இப்படி ஆராய வேண்டியிருக்கிறது.

நொடிக்கு 60 ஃபிரேம் வைத்து எடுத்த வீடியோவில் இது இரட்டிப்பாகும். இங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. யூடியூபில் 60 ஃபிரேம் என்பது 720p-இலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள படிகள் பாதி ஃபிரேம்களோடு செய்யப்படுகின்றன. கிரிக்கெட், வீடியோ கேம் போன்ற வேகமான காட்சிகளில் முதலில் வரும் 360p மங்கலாக இருப்பதோடு அசைவும் சற்று வெட்டி வெட்டித் தெரிவதற்கு இது காரணம். 720p60 அல்லது 1080p60 என்று பட்டியலில் வந்த பிறகுதான் அசைவு எடுத்தபடி வழுக்கிக்கொண்டு ஓடும்.

துண்டு போட்டுப் பகிர்வது

ஒரே கணினி முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம்வரை வரிசையாகச் செய்துகொண்டு போனால், நீண்ட 4K வீடியோவுக்கு நாள் கணக்கில்கூட ஆகலாம். அதனால் மூல வீடியோ சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஐந்து நொடிக்கு ஒன்று என்று வைத்தால் பத்து நிமிட வீடியோவில் 120 துண்டுகள். அவை வெவ்வேறு இயந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு, ஒரே நேரத்தில் சுருக்கப்பட்டு, கடைசியில் வரிசைப்படி இணைக்கப்படுகின்றன.

வெட்டுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ‘முந்தைய ஃபிரேமில் இருந்ததே’ என்ற குறிப்பை நம்பி எழுதப்பட்ட ஃபிரேமிலிருந்து ஒரு துண்டைத் தொடங்க முடியாது. அந்த முந்தைய ஃபிரேம் வேறொரு இயந்திரத்திடம் இருக்கும். ஆகவே புதிதாக எழுதப்படும் ஒவ்வொரு துண்டும், வேறெதையும் சாராமல் தன்னளவில் முழுமையான ஒரு ஃபிரேமோடு தொடங்கும். கீ ஃபிரேம் என்பது அதன் பெயர். கீ ஃபிரேம் அதிக இடம் பிடிக்கும். துண்டுகளை மிகச் சிறிதாக்கினால் வேலை விரைவாக முடியும். ஆனால் கீ ஃபிரேம்கள் பெருகி, கோப்பு வீங்கும். சில நொடி என்ற அளவு இரண்டுக்கும் நடுவே எட்டிய சமரசம்.

பகிர்ந்து செய்வதிலும் ஓர் எல்லை இருக்கிறது. கல்யாண வீட்டில் காய் நறுக்கப் பத்துப் பேர் உட்கார்ந்தாலும், கடைசி ஆள் கையிலுள்ளதை முடித்தால்தான் அடுப்பில் ஏற்ற முடியும். 4K கோப்பின் 120 துண்டுகளில் 119 முடிந்து ஒன்று தாமதமானாலும் பட்டியலில் 2160p வராது. எல்லாத் துண்டும் ஒரே அளவு கடினமானவையும் அல்ல. பேசும் முகம் மட்டும் உள்ள துண்டு எளிதில் சுருங்கும். மழை, அலை, ஆடும் இலைகள், கூட்டத்தின் மேல் பறக்கும் காகிதத் துகள்கள் ஆகியவை நிறைந்த துண்டில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் பொருத்தமே கிடைக்காது, தேடல் நீளும். ஓர் இயந்திரம் இடையில் பழுதானால் அதன் துண்டை இன்னொன்று முதலிலிருந்து செய்ய வேண்டும். 360p-இலும் இவை எல்லாம் நடக்கும். ஆனால் அங்கே ஒவ்வொரு துண்டும் சிறிய வேலை என்பதால் தாமதமும் சிறியது.

360p-க்கும் தவிர்க்க முடியாத செலவு ஒன்று இருக்கிறது. கடைசியில் வருவது சிறிய படமாக இருந்தாலும், அதைச் செய்ய மூலத்தின் 4K ஃபிரேம்களைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். 4K-ஆக ஏற்றிய வீடியோவின் 360p, 720p-ஆக ஏற்றியதன் 360p-ஐவிடச் சற்றுத் தாமதமாக வர இதுவும் ஒரு காரணம். மூலத்தை ஒரே முறை பிரித்து, அதிலிருந்து எல்லாப் படிகளையும் சேர்த்துச் செய்வது கணினிச் செலவில் சிக்கனம். ஆனால் அப்படிச் செய்தால் சிறிய கோப்பு பெரிய கோப்பின் வேகத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும். பார்வையாளருக்கு ஏதாவது ஒன்றைச் சீக்கிரம் காட்ட வேண்டுமானால், கூடுதல் செலவானாலும் சிறியதை முன்னால் தள்ளுவதுதான் வழி.

4K ஏன் கடைசியில் வருகிறது

அளவு ஒன்றே காரணமாக இருந்தால் 4K-க்கு 1080p-ஐப் போல நான்கு மடங்கு நேரம் ஆக வேண்டும். நடைமுறையில் இடைவெளி அதைவிடக் கூடுவது உண்டு. அதற்குக் காரணம் கோடெக்.

2003-இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 இன்று ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் ஓடும். பத்தாண்டுக்கு முந்தைய மலிவு போன்கூட அதைத் திறக்கும். யூடியூபில் முதலில் கிடைக்கும் 360p இந்த முறையில்தான் செய்யப்படுகிறது. ஆனால் எச்.264-இல் யூடியூப் 1080p வரைதான் தருகிறது. 1440p, 2160p ஆகியவை விபி9 அல்லது ஏவி1 என்ற புதிய கோடெக்குகளில் மட்டுமே கிடைக்கும். விபி9 கூகுள் உருவாக்கி 2013-இல் வெளிவந்தது. ஏவி1 பல நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கி 2018-இல் வெளியிட்டது.

புதிய கோடெக்குகள் அதே தரமுள்ள படத்தைக் குறைந்த டேட்டாவில் தருகின்றன. அந்தச் சிக்கனத்துக்கு விலை, சுருக்கும் நேரத்தில் கூடும் உழைப்பு. எச்.264 தன் 16-க்கு 16 கட்டத்திலிருந்து கீழே இறங்கிப் பார்க்கிறது. விபி9 64-க்கு 64 பிக்சல் கட்டத்தில் தொடங்கி, அதை முழுதாக வைப்பதா, இரண்டாக்குவதா, நான்காக்குவதா, அந்த நான்கில் ஒன்றை மேலும் பிரிப்பதா என்று படிப்படியாக 4-க்கு 4 வரை இறங்குகிறது. ஒவ்வொரு கிளையிலும் ஒப்பிட வேண்டிய வழிகள் கூடுகின்றன. ஏவி1-இல் தொடக்கக் கட்டமே 128-க்கு 128 வரை போகலாம். ஆக, 4K கோப்பு இரண்டு வகையில் கனக்கிறது: பிக்சல்கள் அதிகம், ஒவ்வொரு பிக்சலுக்கும் செய்ய வேண்டிய கணக்கும் அதிகம்.

நிமிடத்துக்கு 500 மணி நேரத்துக்கும் மேலான வீடியோ ஏறும் இடத்தில் இதைச் சாதாரண சர்வர்களின் சிப்புகளை வைத்தே சமாளிக்க முடியாது என்று கண்ட கூகுள், வீடியோ சுருக்குவதற்கென்றே தனிச் சிப் ஒன்றை வடிவமைத்தது. வீடியோ கோடிங் யூனிட் என்ற அந்தச் சிப்பைப் பற்றி நிறுவனம் 2021-இல் வெளிப்படையாகச் சொன்னது. முன்பு சாதாரண சர்வர்களில் ஓடிய மென்பொருளோடு ஒப்பிட்டால் 20 முதல் 33 மடங்கு திறன் கூடியதாகவும் தெரிவித்தது. ஒரே சிப் மூலத்தை ஒருமுறை பிரித்துப் பல படிகளை ஒருங்கே எழுதவும் வல்லது. அதன் பிறகும் காத்திருப்பு மறைந்துவிடவில்லை. ஏறும் வீடியோக்களின் எண்ணிக்கையும் அளவும் கூடிக்கொண்டே இருப்பதால், கூடிய திறனை நிரப்ப வேலையும் வந்துவிடுகிறது.

எவ்வளவு நேரம் என்பதற்கு யூடியூப் தன் உதவிப் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. ஒரு மணி நேரம் ஓடும், நொடிக்கு 30 ஃபிரேம் உள்ள 4K வீடியோவுக்கு உயர்தரக் கோப்புகள் தயாராக நான்கு மணி நேரம்வரை ஆகலாம். 60 ஃபிரேம் என்றால் இன்னும் கூடும். சர்வர்களில் அந்த நேரத்தில் இருக்கும் நெரிசலைப் பொறுத்து இது மாறுவதால், நிமிடக் கணக்கில் உறுதி சொல்ல இயலாது.

மங்கல் எதனால் என்று கண்டறிவது

பார்ப்பவருக்குப் படம் மங்கலாகத் தெரிய இரண்டு காரணங்கள் இருக்கலாம்: உயர்தரக் கோப்பு இன்னும் தயாராகவில்லை, அல்லது தயாராக இருந்தும் இணைப்பின் வேகம் போதவில்லை. இரண்டையும் பிரித்தறிவது எளிது. பல்சக்கரக் குறியில் தரப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். பட்டியலே 360p-இல் முடிந்தால் ப்ராசஸிங் முடியவில்லை என்று பொருள். பட்டியலில் 1080p இருந்து, Auto என்ற தேர்வு 360p-ஐ ஓட்டிக்கொண்டிருந்தால் வீடியோவில் குறையில்லை. இணைப்பின் வேகத்தைப் பார்த்து பிளேயர் கீழ்ப் படியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

முதல் வகையில் ஒரு சிறு பொறி உண்டு. வீடியோவைத் திறக்கும் நொடியில் எந்தெந்தக் கோப்புகள் இருக்கின்றன என்ற பட்டியல் பிளேயருக்கு வந்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போது சர்வரில் 1080p தயாரானாலும் திறந்திருக்கும் பக்கத்துக்கு அது தெரிவதில்லை. பக்கத்தைப் புதுப்பித்தாலோ, செயலியில் வீடியோவை மூடித் திறந்தாலோ புதிய பட்டியல் வரும்.

கணினியில் வீடியோவின் மேல் வலது சொடுக்கிட்டு Stats for nerds என்பதைத் தேர்ந்தால் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். Current / Optimal Res என்ற வரியில் இப்போது ஓடும் அளவு இருக்கும். Codecs என்ற வரி avc1 என்று தொடங்கினால் எச்.264, vp09 என்றால் விபி9, av01 என்றால் ஏவி1. ஒரே வீடியோ காலையில் 1080p-இல் avc1 என்றும், மாலையில் அதே 1080p-இல் vp09 என்றும் காட்டக்கூடும். முதலில் எச்.264 கோப்பு வந்து, பிறகு புதிய கோடெக்கில் செய்த கோப்பு சேர்ந்திருக்கிறது என்பது இதற்குப் பொருள். பட்டியலில் 1080p வந்த பிறகும் தரம் மாறுவதாகச் சிலர் சொல்வது பிரமையாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் கடந்தும் பட்டியல் 360p அல்லது 480p-ஐத் தாண்டவில்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது பெரும்பாலும் மூலக் கோப்பைத்தான். மூலத்தில் இல்லாத பிக்சல்களை டிரான்ஸ்கோடிங் கொண்டுவராது. கேமராவில் 4K-ஆக இருந்த வீடியோ, வாட்ஸ்ஆப் வழியாகக் கைமாறியபோது சுருங்கியிருக்கலாம். எடிட்டிங் மென்பொருளில் ஏற்றுமதி செய்கையில் சிறிய அளவு தேர்வாகியிருக்கலாம். கணினியில் கோப்பின் பண்புகளைத் திறந்து அகலம், உயரம் ஆகிய எண்களைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அங்கே 854, 480 என்று இருந்தால் எவ்வளவு காத்திருந்தாலும் 1080p வராது.

போடுபவர் செய்யக்கூடியது

ப்ராசஸிங்கை விரைவுபடுத்தும் பொத்தான் எதுவும் பதிவேற்றுபவரிடம் இல்லை. ஆனால் மங்கலான நிலையில் யாரும் பார்க்காதபடி செய்ய முடியும். வீடியோவை முதலில் Unlisted அல்லது Private என்ற நிலையில் ஏற்றிவிட்டு, உயர்தரக் கோப்புகள் வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகு Public ஆக்கலாம். யூடியூபே இந்த வழியைப் பரிந்துரைக்கிறது. வெளியீட்டு நேரம் முன்பே தெரிந்தால், சில மணி நேரம் முன்னதாக ஏற்றி Schedule செய்வது இன்னும் எளிது. மாலை ஆறு மணிக்கு வர வேண்டிய ஒரு மணி நேர 4K வீடியோவை ஐந்தரைக்கு ஏற்றத் தொடங்கினால், முதல் சில ஆயிரம் பேர் அதை 360p-இல் பார்க்க நேரலாம்.

நேரத்தைக் கணக்கிடும்போது ஏற்றும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன பத்து நிமிட 3.4 ஜிபி கோப்பை, நொடிக்கு 20 மெகாபிட் அனுப்பும் இணைப்பில் ஏற்றினால் ஏறத்தாழ இருபத்துமூன்று நிமிடம் ஆகும். வீட்டு இணைப்புகள் பலவற்றில் இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் குறைவு என்பதையும் கவனிக்க வேண்டும்.

கோப்பின் அமைப்பிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எம்பி4 கோப்புக்குள் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று இருக்கும். அதன் பெயர் moov. பல கேமராக்களும் மென்பொருள்களும் பதிவு முடிந்த பிறகே இந்த அட்டவணையை எழுதுவதால், அது கோப்பின் கடைசியில் அமர்ந்துவிடுகிறது. அட்டவணை கைக்கு வராமல் கோப்பைப் பிரித்துப் படிக்க முடியாது. முன்னால் இருந்தால், கோப்பு முழுதும் வந்து சேருமுன்பே படிக்கத் தொடங்க வழியுண்டு. அட்டவணையை முன்னால் வைக்கும்படிதான் யூடியூப் பரிந்துரைக்கிறது. ஏற்றுமதியின்போது Fast Start என்ற தேர்வு இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியால், படத்தை மறுபடி சுருக்காமல் அட்டவணையை மட்டும் இடம் மாற்றலாம்:

```
ffmpeg -i video.mp4 -c copy -movflags +faststart video_fs.mp4
```

இதில் `-c copy` என்பது படத்தையும் ஒலியையும் தொடாமல் அப்படியே எடுத்துவைக்கச் சொல்கிறது. அதனால் தரம் குறையாது. பெரிய கோப்புக்கும் இது விரைவில் முடிந்துவிடும்.

மற்றொரு வழி, தேவைக்கு மேல் பெரிதாக ஏற்றாமல் இருப்பது. செய்தி உடனே போய்ச் சேர வேண்டும், பார்ப்பவர்கள் பெரும்பாலும் போனில் பார்ப்பவர்கள் என்றால், 1080p, 30 ஃபிரேம் என்று ஏற்றுவதே போதுமானது. அதன் மேல் படி எச்.264-இலேயே கிடைத்துவிடுவதால், கனமான கோடெக் கோப்புக்காகக் காத்திருக்காமல் 1080p பட்டியலில் சேர்ந்துவிடும். இதற்கு மாற்றாக 4K-ஆக ஏற்றுவதிலும் ஒரு நன்மை உண்டு. அந்த வீடியோவுக்கு விபி9 கோப்புகள் கட்டாயம் செய்யப்படும் என்பதால், நாளடைவில் பெரிய திரையில் படம் கூடுதல் தெளிவோடு இருக்கும். எது முக்கியம் என்பது வீடியோவின் அவசரத்தைப் பொறுத்தது.

காத்திருப்பில் பொறுமையிழந்து வீடியோவை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது பயன் தராது. அழித்தால் அதுவரை தயாரான துண்டுகளும் சேர்ந்து போய்விடும். புதிய பதிவு முதலிலிருந்து தொடங்கி, வேறொரு முகவரியோடு வரும். பழைய முகவரியை ஏற்கெனவே பகிர்ந்திருந்தால் அதுவும் வீணாகும். யூடியூப் ஸ்டூடியோவின் பதிவேற்றத் திரையில் SD, HD என்ற குறிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும். SD வந்து HD வரவில்லை என்றால் வேலை நடந்துகொண்டிருக்கிறது. SD-கூட வராமல் பல மணி நேரம் நின்றுவிட்டாலோ, பிழைச் செய்தி வந்தாலோ மட்டும்தான் கோப்பில் சிக்கல் இருப்பதாகக் கொண்டு, அதை மறுபடி ஏற்றுமதி செய்து ஏற்ற வேண்டியிருக்கும்.